சினிமா மெட்டில் சாமி பாட்டு: எழுத உட்காருமுன் பார்க்க வேண்டியவை

எங்கள் தெரு மாரியம்மனுக்கு ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுவோம். போன வருடம் ஆனி முடியும் சமயத்தில் என் அக்கா மகன் ஒரு நோட்டோடு வந்தான். "மாமா, அம்மனுக்கு ஒரு பாட்டு எழுதியிருக்கேன். வரி எல்லாம் என்னோடது, மெட்டு மட்டும் சினிமாவுது. கூழ் ஊத்தற அன்னிக்குப் பாடலாமா?" என்றான். பாடியும் காட்டினான். குரல் நன்றாக இருந்தது, வரிகளும் மோசமில்லை. ஆனாலும் "பாடலாம்" என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரணம் ஒரு பழைய அனுபவம். பல வருடம் முன்பு ஒரு கார்த்திகை மாதம், ஐயப்ப பூஜையில் எங்கள் பஜனைக் குழு அப்போது எல்லோர் வாயிலும் இருந்த ஒரு சினிமா மெட்டில் முருகன் பாட்டு பாடியது. பல்லவி வரை கூட்டம் நன்றாகவே கைதட்டியது. இடையிசை வந்ததும் ஆர்மோனியத்தில் இருந்த நான் கைப்பழக்கத்தில் படத்தில் வரும் அதே துணுக்கை வாசித்துவிட்டேன். பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். ஒருவன் கதாநாயகன் ஆடும் அசைவை அப்படியே ஆடினான். குருசாமி மணியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கோபப்படவில்லை. "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு சாமி. ஆனா ஒருத்தரும் முருகனை நினைக்கல" என்றார்.

அதன்பிறகு எந்தச் சினிமா மெட்டு வந்தாலும் சில சோதனைகளைச் செய்து பார்த்துத்தான் எடுக்கிறோம், அல்லது விடுகிறோம். புதிதாகப் பக்திப் பாட்டு எழுத வருகிறவர்களுக்கு அவை உதவும் என்பதால், அக்கா மகனின் பாட்டையே வைத்து அவற்றைச் சொல்கிறேன்.

முதல் படி: வார்த்தை இல்லாமல் பாடுங்கள்

உங்கள் வரியையும் படத்தின் வரியையும் மறந்துவிட்டு, மெட்டைத் தத்தகாரத்தில் மட்டும் பாடுங்கள். தானன தந்தன என்று, வாத்தியமும் இல்லாமல், சற்று மெதுவாக. கேட்க நாலைந்து பேர் வேண்டும், அவர்கள் ஒரே வயதுக்காரர்களாக இருக்கக் கூடாது. பாடி முடித்ததும் "இது எந்தப் பாட்டு?" என்று கேட்காதீர்கள். கேட்டால் எல்லோரும் படத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். "பாடும்போது கண்ணுக்கு முன்னாடி என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள்.

சிலருக்குப் படத்தின் காட்சி வரும், நடிகரின் முகமோ உடையோ ஆட்டமோ வரும். சிலருக்குத் தங்கள் வாழ்க்கையில் அந்தப் பாட்டைக் கேட்ட இடம் வரும், கல்யாண வீடு, பஸ் பயணம் என்று. இன்னும் சிலருக்கு ஒன்றும் வராமல் ஏக்கமோ தாலாட்டின் கதகதப்போ மட்டும் வரும். கடைசி வகை பதில் அதிகமாக இருந்தால் அந்த மெட்டில் உங்கள் சொற்களுக்கு இடம் இருக்கிறது. முதல் வகை அதிகமானால் நீங்கள் எவ்வளவு நல்ல வரி எழுதினாலும் கேட்பவர் மனதில் பழைய காட்சிதான் ஓடும்.

மெட்டு ஊருக்கே தெரிந்திருப்பதால் வரும் லாபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தெரிந்த மெட்டு என்றால் கூட்டம் இரண்டாவது முறையே கூடப் பாடிவிடும். ஒத்திகை வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சேர்ந்துகொள்வார். தமிழில் இது புதிய வழியும் அல்ல. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் பாட்டுக்கு மேலே இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். வர்ணமெட்டு என்று அதற்குப் பெயர். அதற்கும் வெகு முன்பே மாணிக்கவாசகர் பெண்கள் அம்மானை ஆடும்போதும் ஊஞ்சல் ஆடும்போதும் பூக்கொய்யும்போதும் பாடிய பாட்டு வடிவங்களை எடுத்துத்தான் திருவம்மானை, திருப்பொன்னூசல், திருப்பூவல்லி என்று பாடினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். ஊர் வாயில் இருப்பதைச் சாமிக்குக் கொண்டுபோவது நம் மரபுதான்.

ஆனால் அம்மானைப் பாட்டுக்கு ஒரு நடிகர் முகம் கிடையாது. ஊஞ்சல் பாட்டைக் கேட்டால் ஊஞ்சல்தான் நினைவுக்கு வரும். சினிமா மெட்டு அப்படியல்ல, அது ஒரு காட்சியோடு ஒட்டியே நம் காதுக்கு வந்தது. எடைபோட வேண்டியது அந்த ஒட்டு எவ்வளவு கெட்டியானது என்பதைத்தான்.

ஒட்டு தடை செய்யாத இடமும் உண்டு. சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிக்கும் ஹரிவராசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்கள் பழையவை. இன்று நாம் எல்லோரும் முணுமுணுக்கும் மெட்டு 1975இல் வந்த 'சுவாமி ஐயப்பன்' படத்துக்காக ஜி. தேவராஜன் அமைத்தது, யேசுதாஸ் பாடியது. சினிமாவிலிருந்து வந்த மெட்டுதான், ஆனாலும் கேட்கும்போது யாருக்கும் சினிமா நினைவு வருவதில்லை. படமே ஐயப்பன் படம், பாட்டும் ஐயப்பனுக்கே என்பதால், மெட்டு மனதைப் பிடித்து இழுத்தாலும் அதே சந்நிதிக்குத்தான் இழுத்துப் போகிறது.

அக்கா மகனின் மெட்டை நான் தத்தகாரத்தில் பாடினேன். எதிரே இருந்தவர்கள் அவனுடைய நண்பர்கள் மூவர், என் மனைவி, பக்கத்து வீட்டு அத்தைகள் இருவர். பல்லவிக்குப் பையன்கள் மூவரும் ஒரே ஆட்ட அசைவைச் சொன்னார்கள். அங்கே ஒட்டு கெட்டி. சரணம் வந்தபோது ஓர் அத்தை, "இது நாம கும்மி அடிக்கறதுதானே?" என்றார். அந்தப் பதில்தான் பிறகு எங்களுக்கு வழி காட்டியது.

இரண்டாம் படி: எந்தச் சாமி, பூஜையில் எந்த நேரம்

குத்துப்பாட்டு மெட்டா, கூடாது. மெல்லிசையா, கூடும் என்று பிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருப்பசாமிக்கும் மதுரைவீரனுக்கும் மாரியம்மனுக்கும் பறையும் பம்பையும் உடுக்கையும்தான் இசை. அங்கே வேகமான அடி மரியாதைக் குறைவு அல்ல, அந்தச் சாமி இறங்கி வரும் வழியே அது. அதே அடியைப் பள்ளியறை நேரத்தில் வைத்தால் பொருந்தாது. காதல் மெட்டு என்பதாலும் ஒதுக்கிவிட முடியாது. ஆண்டாள் பாடியது காதல்தான். பிரிவும் காத்திருப்பும் இருக்கும் மெட்டு பக்திக்கு இயல்பாகவே வரும். சீண்டலும் கேலியும் இருக்கும் மெட்டு வராது.

ஆகவே இரண்டு கேள்விகள் போதும். மெட்டு படத்தில் என்ன வேலை செய்தது? உங்கள் பாட்டு பூஜையில் என்ன வேலை செய்யப் போகிறது? தாலாட்டாகவோ ஒப்பாரியாகவோ வேண்டுதலாகவோ வந்த மெட்டு என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. குடித்துவிட்டுப் பாடியது, பெண்ணை வழிமறித்துப் பாடியது என்றால் மெட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நடுவில் இருப்பவற்றுக்கு நேரம்தான் முடிவு சொல்லும். ஊர்வலத்திலும் கூழ் ஊற்றும் வரிசையிலும் கூட்டத்தை ஒன்றுசேர்க்கத் தெரிந்த மெட்டு தேவைப்படுகிறது. அபிஷேகத்துக்கும் தீபாராதனைக்கும் கண் சந்நிதியில் நிலைக்க வேண்டும், அந்த நேரத்தில் அடையாளம் தெரியும் சினிமா மெட்டு வேண்டாம் என்பது எங்கள் குழுவில் இப்போது கட்டுப்பாடு.

இந்தக் கட்டத்திலேயே பூசாரியிடமோ குருசாமியிடமோ பாடிக் காட்டிவிடுங்கள். பாட்டு முழுதாக முடிந்தபிறகு காட்டினால், முகத்துக்காகச் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் படி: மெட்டின் நெடிலில் உங்கள் நெடில் விழுகிறதா

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். எழுத்தை எண்ணி வைத்தால் வரி மெட்டில் உட்கார்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் பொருள் மாறிவிடலாம், ஏனென்றால் தமிழில் குறிலை நீட்டினால் அது வேறு சொல்.

வரம் என்பதன் முதலெழுத்தை மெட்டு இழுத்தால் வாரம் ஆகிவிடும். மலை மாலை ஆகும், அடி ஆடி ஆகும், படி பாடி ஆகும். குறை தீர்க்க வேண்டினால் கூறை தீர்க்க வேண்டியதாகக் கேட்கும். பழனி என்ற பெயரின் முதலெழுத்தை இழுத்தால் பாழ் என்ற ஓசை விழுகிறது. முருகன் பாட்டில் அதைவிட அபசகுனம் வேறென்ன? பாடுகிறவருக்கு இது தெரியாது, அவர் மனதில் சரியான சொல்தான் இருக்கும். ஒலிபெருக்கியில் கேட்கிறவருக்குத்தான் தெரியும்.

வழி எளிது. மெட்டின் தத்தகாரத்தை ஒரு வரியில் எழுதி, இழுக்கும் இடங்களில் புள்ளி வையுங்கள். அதன் கீழே உங்கள் வரியை எழுத்து எழுத்தாக வையுங்கள். அக்கா மகனின் பல்லவி இப்படி இருந்தது:

தா.. ன / தனனா / தானதந்தா
வரம் / தருவாய் / மாரியம்மா

தருவாய், மாரியம்மா இரண்டும் கச்சிதம். முதல் சொல்தான் தப்பு. மெட்டு மூன்று எண்ணிக்கை இழுக்கும் இடத்தில் குறில் வ நிற்கிறது. அவன் பாடியபோது "வாரம் தருவாய் மாரியம்மா" என்றுதான் என் காதில் விழுந்தது. "தாயே வருவாய் மாரியம்மா" என்று மாற்றினோம். தாயே என்பதில் இரண்டுமே நெடில், எவ்வளவு இழுத்தாலும் தாயேதான். கூப்பிடும் சொல் முதலில் வந்ததால் கூட்டத்துக்கும் பிடி கிடைத்தது.

மெய்யெழுத்திலும் கவனம் தேவை. சக்தி, பக்தி, முக்தி போன்ற சொற்களில் வல்லின ஒற்று வரும் இடத்தில் மெட்டு இழுத்தால் பாட முடியாது, ஒற்றை இழுக்க வழியில்லை. பாடகர் தானாகவே ச-வை நீட்டி, சொல்லைக் கெடுத்துவிடுவார். அதுபோன்ற சொற்களை மெட்டு துள்ளும் இடத்தில் வையுங்கள், அங்கே அவை அழகாக விழும்.

இன்னொன்றையும் இதே கட்டத்தில் பாருங்கள். படப்பாட்டின் வரி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்தில், அதே இயைபில் எழுதினால் எழுதுவது சுலபம். வேண்டுமென்றே அப்படி எழுதி, கேட்டவுடன் பழைய பாட்டு ஞாபகம் வருவதைத் திறமையாகக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு எதிரானவன். ஓசை ஒத்துப்போனால் பாடும் பாதிப் பேர் வாய் தவறிப் பழைய வரிக்கே போய்விடும், அதுவும் சந்நிதியில். எதுகையை மாற்றுங்கள், முதல் எழுத்தை மாற்றுங்கள். இடையிசையைக் கட்டாயம் மாற்றுங்கள். எங்கள் ஐயப்ப பூஜையில் விசில் வந்தது பல்லவிக்கு அல்ல, இடையிசைக்குத்தான்.

நான்காம் படி: உரிமை

"வரி என்னோடது, மெட்டு மட்டும் சினிமாவுது" என்று அக்கா மகன் சொன்னதில்தான் சட்டத்தின் முக்கால் பங்கு அடங்கியிருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஒரு சினிமாப் பாட்டை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. வரி ஓர் ஆக்கம், மெட்டு தனியாக ஓர் ஆக்கம், ஒலிப்பதிவு இன்னொன்று. நீங்கள் வரியை மாற்றினால் பாடலாசிரியரின் உரிமையைத் தொடவில்லை. மெட்டின் உரிமை அப்படியே நிற்கிறது. கடையில் வாங்கிய கரோக்கி டிராக்கின் மேல் பாடினால் அந்த டிராக்கைப் பதிவு செய்தவரின் உரிமையும் சேர்கிறது.

மெட்டின் உரிமை இசையமைப்பாளர் வாழ்நாள் முழுவதும் உண்டு. அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து இன்னும் 60 ஆண்டு நீடிக்கும். இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். ஜி. ராமநாதன் 1963இல் மறைந்தார். அவர் தாமே அமைத்த மெட்டுகளுக்கு 2023 முடிவோடு காலம் தீர்ந்தது. தேவராஜன் மறைந்தது 2006, ஆகவே ஹரிவராசனத்தின் அந்த மெட்டு 2066 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. பாபநாசம் சிவன் பாட்டுகளைப் பழைய கீர்த்தனை என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. அவர் மறைந்தது 1973, இன்னும் 2033 முடியவேண்டும். தியாகராஜர், தீட்சிதர் காலத்துக் கீர்த்தனைகளுக்கோ அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துக்கோ இந்தக் கவலை இல்லை. இலங்கையில் இதே கணக்கு 60 அல்ல, 70 ஆண்டு. ஆகவே இங்கே காலம் முடிந்த மெட்டு அங்கே முடியாமல் இருக்கலாம்.

காலம் முடியாத மெட்டு என்றால் கோயிலில் பாடவே கூடாதா? பாடலாம். சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கின்போது இசைப்படைப்பைப் பாடுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதே பிரிவில், தொழில்முறை அல்லாத ஒரு குழு கட்டணம் வாங்காமல் பாடினாலோ, ஒரு மத நிறுவனத்தின் நன்மைக்காகப் பாடினாலோ அதற்கும் விலக்கு இருக்கிறது. கூழ் ஊற்றும் அன்று பூஜையில் தெருக்காரர்கள் சேர்ந்து பாடுவதை இவை காக்கும். திருவிழா மேடையில் பணம் கொடுத்து அழைத்த ஆர்கெஸ்ட்ரா பாடுவது சடங்கின் பகுதி என்று வாதிடுவது கடினம். அதற்கு உரிமம் பெறுவது விழாக் குழுவின் பொறுப்பு.

விலக்கு கோயில் வாசலோடு நின்றுவிடும். ஸ்டூடியோவில் பதிவு செய்வது, பென்டிரைவில் போட்டு விற்பது, யூடியூபில் ஏற்றுவது எதுவும் சடங்கு அல்ல. இங்கே மூன்று தவறான நம்பிக்கைகள் பரவலாக இருக்கின்றன. முப்பது விநாடிக்குள் எடுத்தால் பரவாயில்லை என்பது ஒன்று. அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் இல்லை. பாட்டின் கீழே உரிமையெல்லாம் உரியவர்க்கே என்று எழுதிவிட்டால் போதும் என்பது இன்னொன்று. அது அனுமதி ஆகாது. மூன்றாவது, இதை கவர் வெர்ஷன் என்று சொல்லிக்கொள்வது. சட்டத்தின் 31சி பிரிவில் கவர் வெர்ஷனுக்கு வழி இருப்பது உண்மை. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டியே உரிமைத்தொகை கட்ட வேண்டும், அதிலும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பிரதிக்குக் குறையாமல். அவ்வளவும் செய்தாலும் பாட்டை உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. வரியை முழுக்க மாற்றிய பாட்டு அந்த வழிக்குள் வராது.

ஆகவே பதிவு செய்து வெளியிட நினைத்தால் நேரடி அனுமதி ஒன்றே வழி. யாரிடம் கேட்பது என்று தெரிய, பாட்டின் அதிகாரபூர்வக் காணொளியைத் திறந்து விவரப் பகுதியைப் பாருங்கள். இசை உரிமை எந்த ஆடியோ நிறுவனத்திடம் இருக்கிறது என்று பெரும்பாலும் அங்கே இருக்கும். அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும்போது "உங்கள் பாட்டைப் பயன்படுத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். படம், பாட்டு, நீங்கள் எழுதிய முழு வரிகள், எந்தச் சாமிக்கானது, எங்கே வெளியிடப் போகிறீர்கள், வருமானம் வருமா, இசையமைப்பாளர் பெயரை எப்படிப் போடுவீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். போனில் யாரோ "சரி, போட்டுக்குங்க" என்றதை நம்பிப் பதிவுக்குச் செலவு செய்யாதீர்கள்.

இசையமைப்பாளர் பெயரைப் போடுவது வெறும் மரியாதை மட்டும் அல்ல. மெட்டின் வணிக உரிமை கைமாறிப் போயிருந்தாலும், தன் பெயரைக் கோரவும் தன் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் படைத்தவருக்கு 57ஆம் பிரிவில் தனி உரிமை இருக்கிறது. நாம் சாமியிடம் மரியாதை பற்றிப் பேசிக்கொண்டே மெட்டு போட்டவரை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அனுமதி இல்லாமல் ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். யூடியூபின் Content ID என்ற தானியங்கி இயந்திரம் ஒலிப்பதிவை மட்டும் அல்ல, மெட்டையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும். நீங்களே புதிதாக வாசித்துப் பாடியிருந்தாலும் மாட்டலாம். பெரும்பாலும் காணொளியின் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், சில சமயம் காணொளி முடங்கும். உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொன்னால் அது ஸ்டிரைக். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். வருடக்கணக்கில் சேர்த்த கோயில் விழாக் காணொளிகள் எல்லாம் ஒரே சேனலில் இருந்தால் அவையும் சேர்ந்து போகும்.

ஐந்தாம் படி: மெட்டின் வேர் எங்கே என்று தேடுங்கள்

அத்தை சொன்ன கும்மிக்கு வருகிறேன். நம் சினிமா மெட்டுகளில் பல, கும்மி, தெம்மாங்கு, காவடிச்சிந்து, ஒயிலாட்டப் பாட்டு ஆகியவற்றின் மேல் கட்டியவை. இசையமைப்பாளர் சேர்த்த தூண்டில் போன்ற முதல் வரி, இடையிசை, வாத்தியக் கோப்பு எல்லாம் அவருடையவை. அடியில் ஓடும் நாட்டார் மெட்டு யாருடையதும் அல்ல. உங்களைக் கவர்ந்தது அந்த அடிமெட்டுதான் என்றால் நேராக அதையே எடுத்துக்கொள்ளலாம். ஊர் வாயில் இருக்கும் பழக்கமும் கிடைக்கும், நடிகர் முகமும் வராது, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

ஒரே நிபந்தனை, அதைப் படப்பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்ளாதீர்கள். அங்கே எது மரபு, எது இசையமைப்பாளர் சேர்த்தது என்று புதியவர் காதுக்குப் பிரியாது. பாடத் தெரிந்த பெண்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

அக்கா மகனை அத்தையிடம் அனுப்பினேன். அவர் தாம் சின்ன வயதில் முளைப்பாரிக்கு அடித்த கும்மியைப் பாடிக் காட்டினார். சினிமாச் சரணத்தோடு அடி ஒத்துப்போனது. ஆனால் வரி முடியும் இடத்தில் படத்தில் மேலே போகும் மெட்டு அத்தையிடம் கீழே இறங்கியது. அந்த ஏற்றம்தான் இசையமைப்பாளர் போட்டது என்று அப்போதுதான் புரிந்தது. பல்லவியை அவன் முழுதாக விட்டான், நாங்கள் பாடுபட்டுத் திருத்திய "தாயே வருவாய்" வரியும் போனது. அவனுக்கு அது வருத்தம்தான். பாட்டு முழுவதையும் கும்மியில் மறுபடி எழுதினான். தத்தகாரமும் தொடக்கமும் இப்படி வந்தன:

தன்னன தானன தன்னன தானன
தன்னன தானன தன்னானே

மஞ்சள் முகத்தவள் மாரி எழுந்தனள்
வேப்பிலைக் கொத்தினைக் கையெடுத்து

இங்கே எந்தக் குறிலும் இழுபடவில்லை. மஞ்சள், கொத்து ஆகிய சொற்களின் ஒற்று கைதட்டின்மேல் விழுகிறது. முதல் ஒத்திகையிலேயே அத்தைகள் அடுத்த அடியைத் தாங்களாகவே இழுத்துக்கொண்டார்கள். பையன்களுக்கு முதலில் சப்பென்றிருந்தது. பம்பையும் உடுக்கையும் சேர்ந்த பிறகு அந்தக் குறை தெரியவில்லை. நான் ஆர்மோனியத்தை எடுக்கவில்லை, இந்தப் பாட்டுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

கூழ் ஊற்றிய அன்று பாடியதை ஒரு போனில் பிடித்து ஏற்றினோம். விவரத்தில் "மெட்டு: கும்மி (மரபு)" என்று போட்டு, அத்தை சம்மதித்ததால் கற்றுக்கொடுத்தவர் என்று அவர் பெயரையும் எழுதினோம். மரபு மெட்டிலும் ஒரு சிக்கல் வரலாம். அதே கும்மியை வேறு நிறுவனம் பதிவு செய்திருந்தால் இயந்திரம் அதோடு ஒப்பிட்டு உரிமை கோரும். அப்படி வந்தால் பயந்து நீக்கிவிடாதீர்கள். மெட்டு மரபானது, பாடியதும் வாசித்ததும் நாங்கள், வரி எங்களுடையது என்று மறுப்பு எழுதலாம். அதற்கு உதவும் என்றுதான் அத்தை தனியாகப் பாடிக் காட்டியதையும் ஒத்திகையையும் தேதியோடு பதிவு செய்து அக்கா மகன் வைத்திருக்கிறான்.